பம்புசெட் சாவியைக் கொடுக்கும் முன்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, பேராசிரியர்களே, எங்களுக்கு நாற்று பிடிக்கக் கற்றுக்கொடுத்த பண்ணை அக்காமார்களே, இந்தப் பிரியாவிடை விழாவை எடுத்திருக்கும் தம்பி தங்கைகளே, நான்கு ஆண்டுகள் என்னோடு சேற்றில் நின்ற தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வாசலில் தென்னங்குருத்துத் தோரணம் கட்டியிருக்கிறீர்கள். நேற்று நள்ளிரவில் விடுதித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நீங்கள் ஓலை கிழித்துக்கொண்டிருந்ததை மாடியிலிருந்து பார்த்தேன். நாளை மறுநாள் உங்களுக்குப் பூச்சியியல் செய்முறைத் தேர்வு. போய்ப் படியுங்கள் என்று சொல்லத்தான் இறங்கினேன். பாதிப் படியிலேயே நின்றுவிட்டேன். எங்களுக்காக நீங்கள் கண்விழிப்பதை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கவேண்டும் போலிருந்தது.

நான் விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் காட்டுப் பெண். எங்கள் ஊரில் பருத்தியும் கம்பும்தான். மழை பெய்தால் தெருவே வாசலுக்கு வந்து நிற்கும். அப்படி வளர்ந்தவள் இந்த டெல்டாவுக்கு வந்து, மழையைப் பார்த்து அழுதேன்.

அது இரண்டாம் ஆண்டு, ஐப்பசிக் கடைசி. எனக்குக் கொடுத்திருந்தது ஐந்தாம் பாத்தி. சம்பா நெல், சி.ஆர். 1009 சப்-1. மழைத் தண்ணீரில் மூழ்கி, ஒன்பது நாட்களாகப் பயிர் கண்ணிலேயே படவில்லை. தண்ணீர் வடிந்தபோது இலைகள் எல்லாம் சேறு பூசி, பாசி ஒட்டி, தரையோடு தரையாகக் கிடந்தன. பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு நாற்று நடலாம் என்று குனிந்தேன். இறுதியாண்டு அக்கா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரே ஒரு செடியைப் பிடுங்கி, அடித்தண்டை நகத்தால் கீறிப் பிளந்து காட்டினார். உள்ளே குருத்து வெளிர்பச்சையாக, அழுகாமல், கெட்டியாக இருந்தது. “உயிர் இருக்கிறது. பத்து நாள் கைவைக்காதே” என்றார்.

பக்கத்துப் பாத்தியில் இருந்தது சாதாரண ரகம். தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிவிட வேண்டும் என்று விறுவிறுவென வளர்ந்து, இருந்த சத்தையெல்லாம் செலவழித்து, தண்ணீர் வடிந்ததும் சாய்ந்துவிட்டது. என் பாத்தியில் இருந்த பயிரோ வளர்ச்சியை நிறுத்தி, மாவுச்சத்தைச் சேமித்து வைத்துக் காத்திருந்தது. ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து வந்த சப்-1 மரபணுவின் குணம் அது. இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் தாங்கும். வகுப்பில் இதைப் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் எட்டாம் நாள் காலை, அழுகிய இலைகளுக்கு நடுவில் ஊசி போல ஒரு புது இலை நின்றதைப் பார்த்தபோதுதான் எனக்கு அது புரிந்தது. ஓடிப்போய் அக்காவைக் கூட்டி வந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை; வரப்பில் உட்கார்ந்து என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

இந்த ஆண்டு கிராமத்தில் தங்கிப் பயிற்சி எடுத்தோம். கோவில் திடலில் கோலமாவால் ஊர் வரைபடம் போட்டோம். ஊரே சுற்றி நின்றது. ஒரு பெரியவர் மட்டும் தன் கைத்தடியை எடுத்து, நாங்கள் வீடுகள் வரைந்திருந்த இடத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். அங்கே முன்பு வாய்க்கால் ஓடியதாம். மழை வந்தால் அந்த வீடுகளுக்குள் ஏன் தண்ணீர் புகுகிறது என்ற எங்கள் கேள்விக்கு அந்தக் கோடே பதில். நாங்கள் வைத்திருந்த எந்தப் படத்திலும் அது இல்லை.

தம்பி தங்கைகளே, அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தூர் எண்ணிக்கையைப் பழைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதாதீர்கள். வயலில் இறங்கி எண்ணுங்கள். சந்தேகம் வந்தால் பண்ணை அக்காமார்களிடம் கேளுங்கள். ஆழமாக நட்டால் தூர் கட்டாது என்பதை என் விரலைப் பிடித்துச் சேற்றுக்குள் வைத்துக் காட்டியவர்கள் அவர்கள்தான்.

முதலாண்டுத் தங்கை ஒருவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். உலர்தாவரத் தாள்களில் பூஞ்சை பிடித்ததற்காக எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். ஈரம் போகத் தினமும் காகிதம் மாற்ற வேண்டும் என்று முன்பே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவள் நான். மன்னித்துவிடு அம்மா. என் தாவர அழுத்துப் பலகையை உன் அறையில் வைத்திருக்கிறேன். இனி அது உன்னுடையது.

அன்று வயலில் என் கையைப் பிடித்துக்கொண்ட அந்த அக்கா படிப்பு முடித்துப் போகும்போது பம்புசெட் அறைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இதோ, சிவப்புக் கயிறு கட்டிய அதே சாவி. மூன்றாம் ஆண்டில் ஐந்தாம் பாத்தியைப் பார்த்துக்கொள்ளும் தம்பி மேடைக்கு வரவேண்டும்.

வாங்கிக்கொள் தம்பி. பூட்டு கொஞ்சம் இறுகியிருக்கிறது. தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விடு. பாத்தியில் தக்கைப்பூண்டு இடுப்பளவு நிற்கிறது. பூவெடுக்கத் தொடங்கியதும் மடக்கி உழுதுவிடு. தண்டு முற்றினால் மட்க நாளாகும். நாளைக் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் முறை நம்முடையது. என் பஸ் ஒன்பது மணிக்குத்தான். மடை திறக்க நானும் வருகிறேன்.