தனி ஊசல் ஆய்வறிக்கை: பகுதி 4-ஐ மறுமதிப்பீடு செய்யக் கோரி

பெறுநர்: ஆய்வகப் பொறுப்பாசிரியர், இயற்பியல் துறை
அனுப்புநர்: முதலாமாண்டு மாணவி, இயற்பியல், வரிசை எண் 27

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறியும் ஆய்வறிக்கை திங்கட்கிழமை திரும்பக் கிடைத்தது. 50-க்கு 33 மதிப்பெண் வந்திருக்கிறது. அதில் பகுதி 4, அதாவது பிழைப் பகுப்பாய்வை மட்டும் இன்னொரு முறை பார்க்கும்படி கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். முடிவு வந்த ஏழு நாளுக்குள் எழுத்தில் தரவேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். இன்று நான்காம் நாள்.

பருவத் தொடக்கத்தில் நீங்கள் கொடுத்த மதிப்பீட்டு அட்டவணையில் பகுதி 4-க்கு 12 மதிப்பெண். குறைந்தது இரண்டு பிழை மூலங்களைக் குறிப்பிட்டால் 4, அவற்றின் அளவை எண்ணால் மதிப்பிட்டால் 4, அவை முடிவைக் கூட்டுமா குறைக்குமா என்று சொன்னால் 4. எனக்கு முதல் வரிக்கு முழுமையாக 4 கிடைத்திருக்கிறது. மற்ற இரண்டுக்கும் பூஜ்யம். பக்க ஓரத்தில் “அளவும் இல்லை, திசையும் இல்லை” என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறீர்கள்.

ஐந்தாம் பக்கத்தை மட்டும் பார்த்தால் அது முற்றிலும் சரி. அங்கே மூலங்களின் பெயர்களைத்தான் எழுதியிருந்தேன். கணக்கு முழுவதும் ஆறாம் பக்கத்தில், வரைபடத்தாளின் பின்புறம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லாததால், அது உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்று நினைக்கிறேன். “பின்பக்கம் பார்க்க” என்று ஒரு வரி எழுதாதது என் தவறுதான்.

அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பது இது. முதல் மூலம், நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும்போது கை தாமதிப்பது. 1 மீட்டர் நூலுக்கு 20 அலைவுகள் ஏறக்குறைய 40 வினாடி எடுத்தன. தாமதம் 0.2 வினாடி என்று வைத்தால் அலைவு நேரத்தில் 0.5 சதவீதப் பிழை. சமன்பாட்டில் T இருமடியாக வருவதால் g-இல் அது 1 சதவீதமாகிறது. இந்தப் பிழை கூட்டவும் செய்யலாம், குறைக்கவும் செய்யலாம் என்றும் எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது மூலம்தான் முக்கியம். ஊசலை நாங்கள் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 20 பாகை இழுத்துவிட்டோம். ஆனால் நாங்கள் பயன்படுத்திய சமன்பாடு சிறிய கோணத்துக்கு மட்டுமே பொருந்தும். கோணத்தை ரேடியனில் எடுத்துக்கொண்டால், அலைவு நேரம் θ²/16 என்ற பங்கு அளவுக்குக் கூடும்:

```
θ = 20° = 0.349
θ²/16 = 0.0076   (T 0.76% கூடும்)
g = 4π²/சாய்வு = 39.48/4.09 = 9.65
```

T 0.76 சதவீதம் கூடினால் T² ஏறக்குறைய 1.5 சதவீதம் கூடும். g அதே அளவு குறையும். எனக்குக் கிடைத்த 9.65, 9.8-ஐவிட ஏறக்குறைய அதே 1.5 சதவீதம்தான் குறைவு. கணக்குப் போட்டு இரண்டும் ஒத்து வந்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது. அப்புறம் மறுபடி போட்டுப் பார்த்தேன். “எனவே இந்தப் பிழை முடிவைக் குறைக்கும்” என்பது அந்தப் பக்கத்தின் கடைசி வரி. அட்டவணையின் மூன்றாவது வரி கேட்பது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் மூலத்துக்கு “இரு பக்கமும் போகலாம்” என்று மட்டும் சொன்னதைத் திசை சொன்னதாக எடுத்துக்கொள்ளலாமா என்பதில் எனக்கும் தெளிவில்லை. அதற்கு மதிப்பெண் குறைந்தால் சரி, ஏற்றுக்கொள்கிறேன்.

மற்ற பகுதிகளைப் பற்றி எனக்குக் கேள்வி இல்லை. அட்டவணையில் ஒரு நிரலுக்கு அலகு எழுதாமல் விட்டதற்கு 2 போனது நியாயம். வரைபடத்தில் புள்ளிகளுக்கு நடுவே ஒரே நேர்கோடு போடாமல் புள்ளிக்குப் புள்ளி இணைத்திருந்தேன், அதற்கு 3 போனதும் நியாயம்.

மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறையவும் கூடும் என்பது தெரியும். அப்படியே ஆனாலும் எந்த இடத்தில் தவறு என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அடுத்த அறிக்கைக்கு உதவும். அசல் அறிக்கையை, ஆறாம் பக்கத்தில் அடையாளத் தாள் வைத்து, இத்துடன் இணைத்திருக்கிறேன். நேரில் விளக்க வேண்டுமென்றால் புதன், வியாழன் ஆய்வக நேரம் முடிந்ததும் எப்போது வேண்டுமானாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மாணவி,
வரிசை எண் 27