பதினோராம் தேதியோடு நின்ற வரி

பழைய நகைக்கடன் ஒன்றைச் சரிபார்க்கத்தான் மீனாட்சி காப்புப் பிரதிகளின் பதிவான `backup.log` கோப்பைத் திறந்தாள். கடைசி வரி 11 ஆம் தேதி, இரவு 11.30. இன்று 20. பிழை என்றுகூட ஒரு சொல் இல்லை.

வயிறு கலங்கியது. ஓய்வூதியக்காரர்கள் புதுப்பித்த வைப்புத்தொகை, மயிலாப்பூர் மாடவீதிப் பூக்காரம்மா போன வாரம் மீட்ட வளையல்கள், எல்லாம் ஒரே ஒரு வட்டில்.

"சார், ஒன்பது நாளாகக் காப்புப் பிரதியே இல்லை."

"பச்சை விளக்கு எரிகிறதே அம்மா?"

"அது சர்வர் ஓடுவதற்கான விளக்கு, சார்."

கணினி பார்க்கும் தம்பி வந்து `df -h` தட்டினான். 100%. காப்பு வட்டு நிரம்பியிருந்தது. பிரதி எழுத இடமில்லை. எழுத முடியவில்லை என்று பதியவும் அதே வட்டில் இடமில்லை.

பழைய கோப்புகளை வெளி வட்டுக்கு மாற்றிப் புதுப் பிரதி எடுத்து முடிக்க இரவு எட்டாகிவிட்டது.

"நீங்கள் கிளம்புங்கள், அக்கா."

"பிரதியிலிருந்து ஒரு கணக்கை மீட்டுக் காட்டு, தம்பி."

பூக்காரம்மாவின் கணக்கு திரையில் விரிந்தது. வளையல் இரண்டு, 16 கிராம், கடன் தீர்ந்தது.

அதன் பிறகே கைப்பையை எடுத்தாள்.