இரவு ஒன்றரை மணி

நிர்மலா அந்த ஹோட்டலின் சமையலறைக்கு மேலாளராக வந்த முதல் வாரமே வருகைப் பதிவைக் கையில் எடுத்தாள். முப்பத்தொரு பேர் வேலை செய்யும் இடம். முப்பது பேருடைய நேரம் கட்டத்துக்குள் ஒழுங்காக இருந்தது. மாணிக்கம் மாஸ்டருடையது மட்டும் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. இரவு 1.30 உள்ளே, காலை 8.00 வெளியே. மறுபடி பிற்பகல் 3.00 உள்ளே, 4.30 வெளியே. ஒரே நாளில் இரண்டு முறை உள்ளே வந்தால் கைரேகைக் கருவி அதைப் பிழை என்று சிவப்பில் காட்டும். மாஸ்டரின் பக்கம் மாதம் முழுக்கச் சிவப்பாக இருந்தது.

தலைமை அலுவலகம் அவளிடம் கேட்டிருந்த முதல் காரியமே அந்தச் சிவப்பை ஒழிப்பதுதான். போதாததற்கு உதவிச் சமையல்காரன் ரகு, "மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை நாங்கள் வியர்வையில் குளிக்கிறோம் மேடம். அப்போது அவர் வீட்டில் தூங்குகிறார்" என்று சொல்லிவைத்தான். சொன்னதில் பொய் ஏதும் இல்லை.

அவள் மாஸ்டரை அழைத்துவரச் செய்தாள். அறுபதை நெருங்கும் வயது. நாற்காலியைக் காட்டியும் உட்காராமல், தோளில் துண்டோடு நின்றார்.

"திங்கட்கிழமையிலிருந்து நீங்களும் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை வந்துவிடுங்கள் மாஸ்டர். இந்த வயதில் எதற்கு இரவில் கண் விழிக்க வேண்டும்?"

"சரிம்மா" என்றார். கதவு வரை போனவர் திரும்பினார். "ஐஸ் எப்போது கிடைக்கும்?"

"ஐஸா? தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள் மாஸ்டர். அதற்கெல்லாம் என்னிடம் கேட்க வேண்டுமா?"

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். மேற்கொண்டு எதுவும் பேசாமல் போய்விட்டார்.

திங்கட்கிழமை எல்லாம் நன்றாகவே நடந்தது. செவ்வாயும் அப்படித்தான். ஒன்பதுக்குக் கூடும் காலைக் கூட்டத்தில் மாஸ்டரும் நின்றார். மதிய நெரிசலில் ரகுவுக்கு இன்னொரு கை கிடைத்தது. நிர்மலா தலைமை அலுவலகத்துக்கு நான்கு வரி எழுதி அனுப்பினாள். சனி இரவும் ஞாயிறு இரவும் மாஸ்டர் கூடுதலாகக் காய்ச்சி வைத்துவிட்டுப் போன எலும்புச் சாறுதான் அந்த இரண்டு நாள்களையும் ஓட்டியது என்பது அவளுக்குத் தெரியாது. சமையலறையில் தவறு நடந்த அன்றே தலை காட்டுவதில்லை. கையிருப்பு தீரும் வரை காத்திருக்கும்.

புதன்கிழமை கையிருப்பு தீர்ந்தது. மாஸ்டர் ஒன்பதரைக்கு அண்டாவை ஏற்றினார். அந்த அண்டாவுக்கு ஒரு பர்னர் போதாது, இரண்டு வேண்டும். அங்கே இருந்ததே ஆறு. மீதமிருந்த நான்கில் மதியச் சமையல் முழுவதும் நடந்தாக வேண்டியிருந்தது. பன்னிரண்டரைக்கெல்லாம் உணவுச் சீட்டுகள் கம்பியில் இடமில்லாமல் தொங்கின. பரிமாறுபவர்கள் கதவருகே கும்பலாக நின்றார்கள். ரகு இரண்டு முறை அண்டாவை இறக்கிவைக்கச் சொன்னான். மாஸ்டர் காது கொடுக்கவில்லை. மூன்று மணிக்குச் சாறு முடிந்தது. ஆற்றுவதற்கு ஐஸ் பெட்டியைத் திறந்தால், குளிர்பானங்களுக்கு அள்ளியது போக அடியில் இரண்டு கை ஐஸ்தான் கிடந்தது. அவர் சாற்றைத் தட்டையான தட்டுகளில் பரப்பி, பாத்திரம் கழுவும் இரண்டு தொட்டிகளிலும் ஓடும் நீரில் வைத்து ஒருவாறு ஆற்றினார். ஐந்தரை வரை அங்கே பாத்திரம் தேய்க்க வழியில்லை. மாலைப் பந்தி ஈரத் தட்டுகளோடு தொடங்கியது.

வியாழன் அவருக்கு வார விடுமுறை. ரகு காய்ச்சினான். நன்றாகத்தான் காய்ச்சினான். மூன்றரைக்கு ஐஸும் இல்லை, தொட்டியும் காலியாக இல்லை. அண்டாவை மூடி, இரண்டு பேர் பிடித்து, ஆவி பறக்கக் குளிரறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டான்.

வெள்ளி காலை நிர்மலா குளிரறைக் கதவைத் திறந்தபோது பால் புளித்த வாடை முகத்தில் அடித்தது. மீனைத் தொட்டுப் பார்த்தாள். விரல் அழுந்திய இடம் மேலெழவில்லை. பால், மீன், பாலாடை, நறுக்கி வைத்த இறைச்சி எல்லாம் கறுப்புப் பைகளில் ஏறி வெளியே போயின. அண்டாவின் மூடியைத் திறந்தால் உள்ளே சாறு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

யார் மீது கோபப்படுவது என்று தெரியாத நேரத்தில் அவள் செய்த ஒரு நல்ல காரியம், யாரையும் திட்டாமல் குளிரறையின் வெப்பநிலைத் தாளை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தது. மாதக்கணக்கில் அந்தக் கோடு 3 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வியாழன் மாலை நான்கு மணிக்கு மேல் செங்குத்தாக ஏறி 12 டிகிரியைத் தொட்டு, விடியும் வரை அங்கேயே நின்றது. பக்கத்தில் பழைய வருகைப் பதிவை விரித்தாள். கோடு படுத்துக் கிடந்த அத்தனை வாரங்களிலும் மாஸ்டரின் பெயருக்கு நேரே அதே சிவப்பு.

அவருக்கு ஃபோன் செய்தாள்.

"இன்று இரவு ஒன்றரைக்கு வாருங்கள் அம்மா. குளிரும். மேலே ஏதாவது போட்டுக்கொண்டு வாருங்கள்" என்றார்.

ஒன்றரைக்குச் சமையலறை வேறு இடமாக இருந்தது. தரை கழுவிக் காய்ந்திருந்தது. ஆறு பர்னர்களும் சும்மா இருந்தன. அறையில் இன்னொரு ஆள்தான் இருந்தாள். இரவுப் பாத்திரங்களை முடித்துவிட்டுக் காலை பஸ்ஸுக்காக மூலையில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த செல்வி.

மாஸ்டர் பிற்பகலிலேயே எலும்புகளைச் சுட்டு வைத்திருந்தார். மதியப் பந்தி முடிந்து அணைத்த ஓவன்களின் சூடு மூன்று மணிக்கும் இறங்கியிருக்காது. அதைத் தூண்டிவிட்டால் பாதி எரிவாயுவில் வேலை முடியும். அந்த மூன்று முதல் நாலரை எதற்கு என்று நிர்மலாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அடுத்தடுத்த நாள்களுக்கு வேண்டிய இறைச்சியை உறைபெட்டியிலிருந்து குளிரறைக்கு மாற்றுவதும் அதே நேரத்தில்தான். பெரிய துண்டு மெதுவாக உறை விட ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

அண்டா சூடேறி மேலே சாம்பல் நிற நுரை கட்டியது. அவர் கரண்டியை நீரின் மேல்மட்டத்தோடு சாய்த்து வைத்து நுரையை மட்டும் வழித்தார். சாறு ஒரு சொட்டுகூட அதோடு வரவில்லை. பிறகு தீயைக் குறைத்துக்கொண்டே வந்து, காதை அண்டாவின் பக்கம் திருப்பி நின்றார்.

"கொதிக்கக் கூடாது. ஒரு குமிழ் வந்து உடைந்த பிறகு அடுத்தது வர வேண்டும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பெல்லாம் உள்ளே கலந்து கலங்கிவிடும்."

"பகலில் இதைச் செய்ய முடியாதா?"

"செய்யலாம். பக்கத்துப் பர்னரில் ஆள் மாறி ஆள் வாணலியைத் தூக்கி வைக்கும்போது இந்தக் குமிழை யார் பார்ப்பார்கள்?"

நான்கு மணிக்கு மீன் வண்டி வந்தது. ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்த்து மூன்றைத் திருப்பி அனுப்பினார். ஓட்டுநர் முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டான். மாஸ்டர் ஒன்பது மணிக்கு வந்திருந்தால் அந்த மூன்றும் உள்ளே போயிருக்கும். நாலரைக்குக் குளிரில் இரவெல்லாம் மெதுவாகப் பொங்கிய ரொட்டி மாவை வெளியே எடுத்து வைத்தார்.

ஆறரைக்குச் சாற்றை வடிகட்டியதும் ஐஸ் பெட்டியைத் திறந்தார். விளிம்பு வரை நிறைந்திருந்தது. இரவெல்லாம் இயந்திரம் செய்த ஐஸ், யாரும் தொடாத ஐஸ். பகலில் அது செய்யச் செய்ய அள்ளிக்கொண்டே இருப்பார்கள். நிறையும் நேரம் இது ஒன்றுதான். தொட்டியின் அடியில் கம்பித் தட்டைப் போட்டு அதன்மேல் அண்டாவை நிறுத்தினார், அடியிலும் ஐஸ் நீர் ஓடுவதற்காக. சுற்றிலும் ஐஸைக் கொட்டினார். தண்ணீர் ஊற்றி உறைய வைத்திருந்த சுத்தமான குடுவைகள் இரண்டைச் சாற்றுக்குள்ளேயே இறக்கிக் கலக்கினார். வெப்பமானியை அவள் கையில் கொடுத்தார்.

"அறுபதிலிருந்து இருபத்தொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வர வேண்டும். அங்கிருந்து ஐந்துக்கு இன்னும் நான்கு மணி நேரம். சுகாதாரப் பரிசோதகர்கள் கேட்பது இதைத்தான். நடுவில் நிற்கிற நேரம்தான் ஆபத்து."

முக்கால் மணி நேரத்தில் முள் இருபதுக்கு வந்தது. எட்டு மணிக்குள் சிறிய பாத்திரங்களில் பிரித்துக் குளிரறைக்குள் வைத்தாகிவிட்டது. கோடு அசையவில்லை.

தலைமை அலுவலகத்தின் அட்டவணையில் ஆட்களுக்குத்தான் கட்டங்கள் உண்டு. பர்னருக்கும் ஐஸுக்கும் இல்லை. அவை ஓயும் நேரத்தைப் பார்த்துத் தன் தூக்கத்தை நகர்த்தி வைத்திருந்தார் இந்த மனிதர். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள்.

"ஐஸ் எப்போது கிடைக்கும் என்று கேட்டேனே அம்மா" என்றார். அதில் குத்தல் இல்லை. தான் கேட்டதே போதும் என்று உண்மையிலேயே நினைத்திருந்தார்.

நிர்மலா அவருடைய பழைய நேரத்தைத் திருப்பிக் கொடுத்தாள். கருவி ஏற்காததால் அவர் பெயரை இரண்டு வரிகளாகப் பதியச் சொன்னாள். தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு முறை கேட்டார்கள். இரண்டு முறையும் வெப்பநிலைத் தாளை இணைத்து அனுப்பினாள். அதற்கப்புறம் கேட்கவில்லை.

இன்னொன்று பாக்கி இருந்தது. ஒரே ஆள் மீது நிற்கிற சமையலறை அது. அவருக்குக் காய்ச்சல் வந்தால்?

"ரகுவுக்குச் சொல்லிக் கொடுங்கள் மாஸ்டர்."

"ரகு நல்ல சமையல்காரன். ஆனால் தட்டு மேசைக்குப் போக வேண்டும், நாலு பேர் பாராட்ட வேண்டும் அவனுக்கு. இந்த வேலையை யாரும் பாராட்ட மாட்டார்கள். செல்வியைக் கொடுங்கள்."

"பாத்திரம் தேய்க்கிற பெண்ணா?"

"போன மழைக்காலத்தில் அடுப்புத் தீ அணைந்துவிட்டது. நான் பின்பக்கம் இருந்தேன். குமிழ் நின்றுவிட்டது என்று வந்து சொன்னது அவள்தான். யாரும் அவளைப் பார்க்கச் சொல்லவில்லை."

செல்வியைக் கூப்பிட்டார்கள். சம்பளம் கூடும், பதவி மாறும் என்று நிர்மலா சொல்லச் சொல்ல அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கேட்டாள்: "இப்போது நான் சாயங்காலமே வந்துவிடுகிறேன் மேடம். ஒன்றரைக்கு வரச் சொன்னால் எதில் வருவது? அந்த நேரத்தில் பஸ் கிடையாதே."

நிர்மலா வாகனப் பொறுப்பாளரை ஃபோனில் பிடித்தாள். இரவில் ஊழியர் வண்டி பதினொன்றரையோடு சரி என்றார் அவர்.

"அப்படியானால் மாணிக்கம் மாஸ்டர் இத்தனை வருடம் எப்படி வந்தார்?"

"சைக்கிளில்தான் மேடம். அவர் எப்போதும் வண்டி கேட்டதில்லை."

"இனிமேல் ஒன்றே காலுக்கு ஒரு வண்டி வேண்டும்."

"ஒரு ஆளுக்கா?"

"இரண்டு பேருக்கு" என்றாள் நிர்மலா. "நாளை இரவிலிருந்து."