மறைந்த கப்பலிலிருந்து ஆயத்தொலைவுக்கு: இரண்டு பாடவேளைகளுக்கான பாடத்திட்டம்

இப்பாடம் பதினொன்று முதல் பதின்மூன்று வயது வரையுள்ள மாணவர்களுக்கு உரியது. அடுத்தடுத்து வரும் இரண்டு பாடவேளைகள், ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம், தேவைப்படும். எண்கோட்டில் முழு எண்களைக் குறிக்கத் தெரிந்திருப்பது மட்டுமே முன்னறிவு. பாடத்தின் முடிவில் மாணவர் ஒவ்வொருவரும் முதல் கால்பகுதியில் ஒரு புள்ளியைக் குறிக்கவும், குறிக்கப்பட்ட புள்ளியின் ஆயத்தொலைவுகளைப் படிக்கவும், (3, 5) என்பதும் (5, 3) என்பதும் ஏன் வெவ்வேறு என்பதைத் தம் சொற்களில் விளக்கவும் வேண்டும்.

பாடத்தை அச்சுகளின் வரையறையிலிருந்து தொடங்க வேண்டாம். எதை முதலில் சொல்வது, எங்கிருந்து எண்ணுவது, கட்டத்தையா கோடுகள் வெட்டும் இடத்தையா குறிப்பது என்ற மூன்று உடன்பாடுகளும் இல்லாவிட்டால் இருவருக்கிடையே என்ன குழப்பம் நேரும் என்பதை மாணவர்கள் விளையாட்டில் தாமே சந்திக்க வேண்டும். அதன் பிறகு வரையறை வரும்போது, அது அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதிலாக வரும்.

தேவையான பொருள்கள்: மாணவர் ஒருவருக்கு மூன்று கட்டத்தாள்கள், ஒரு வரைபடத்தாள், அளவுகோல், பென்சில். முதல் இரண்டு தாள்களிலும் எட்டுக்கு எட்டு என 64 கட்டங்கள் கொண்ட சதுரங்கள் இரண்டிரண்டு இருக்கும்: ஒன்று தம் கப்பல்களை மறைக்க, மற்றொன்று எதிராளியின் கடலில் சுட்டதைப் பதிவு செய்ய. மூன்றாம் தாளில் அதே இரு சதுரங்கள் எண்ணோ எழுத்தோ இன்றி வெறும் கோடுகளாக இருக்கும். இருவர் இருவராக, நடுவில் ஒரு புத்தகத்தை நிறுத்தி மறைத்தபடி, எதிரெதிரே அமரச் செய்யவும். மாணவர் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு குழுவில் மூன்றாமவர் நடுவராக இருக்கட்டும்.

முதல் பாடவேளை

முதல் ஆட்டம் (12 நிமிடம்). முதல் தாளில் நிரல்களுக்குக் கீழே க, ச, த, ப, ம, ய, ர, வ என்ற எழுத்துகளும், நிரைகளுக்கு இடப்பக்கத்தில் கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரையுள்ள எண்களும் இடப்பட்டிருக்கும். உயிரெழுத்துகளைத் தவிர்த்திருப்பதற்குக் காரணம் உண்டு. பதினெட்டு சோடிகள் ஒரே நேரத்தில் பேசும் வகுப்பில் குறிலும் நெடிலும் காதில் ஒன்றாகவே விழும்.

ஆசிரியர் கூற்று: “உங்கள் கடலில் நான்கு கட்ட நீளமுள்ள ஒரு கப்பல், மூன்று கட்டக் கப்பல் ஒன்று, இரண்டு கட்டக் கப்பல் ஒன்று ஆகியவற்றை மறைத்து வையுங்கள். கப்பல் கிடையாகவோ நெடுக்காகவோ நிற்கலாம்; சாய்வாக நிற்கக் கூடாது. ஒருவர் மாற்றி ஒருவர் ஒரு கட்டத்தின் பெயரைச் சொல்லிச் சுடுங்கள். எதிராளி ‘பட்டது’ அல்லது ‘தப்பியது’ என்று உண்மையைச் சொல்ல வேண்டும். பட்டதைப் பெருக்கல் குறியாலும் தப்பியதை வட்டத்தாலும் பதிவு செய்யுங்கள்.”

இந்த ஆட்டத்தில் எவருக்கும் சிக்கல் வராது. ‘ப3’ என்றாலும் ‘3ப’ என்றாலும் ஒரே கட்டந்தான். ஆட்டம் முடியாவிட்டாலும் பன்னிரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடவும். விதிகள் பழகியிருந்தால் போதும்.

இரண்டாம் ஆட்டம் (15 நிமிடம்). இரண்டாம் தாளில் எழுத்துகள் இல்லை. கீழேயும் இடப்பக்கத்திலும் 1 முதல் 8 வரை எண்களே இருக்கும். இம்முறை மூன்று கட்டக் கப்பல் ஒன்று மட்டும் மறைக்கப்படும். ஆசிரியர் இங்கே செய்ய வேண்டிய முக்கியமான செயல், எந்த எண்ணை முதலில் சொல்ல வேண்டும் என்று கூறாமல் இருப்பதுதான். யாரேனும் கேட்டால், “இரண்டு எண்களைச் சொல்லுங்கள்” என்பதோடு நிறுத்தவும். சில சோடிகள் தமக்குள் பேசி முடிவு செய்துகொள்வார்கள். அவர்களைத் தடுக்க வேண்டாம்; ஆனால் அவர்களது முடிவை வகுப்புக்கு அறிவிக்கவும் வேண்டாம்.

குழப்பம் உடனே வெளிப்படும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சுடுபவர் வலப்பக்க எண்ணை முதலில் சொல்கிறார், கேட்பவர் அதை மேல்நோக்கிய எண்ணாகக் கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்பவரின் கப்பல், வலமாக ஐந்தாம் நிரலில், மேலாக 3, 4, 5 ஆகிய நிரைகளில் நெடுக்காக நிற்கிறது. சுடுபவர் “மூன்று, ஐந்து” என்கிறார், பட்டது. “நான்கு, ஐந்து”, பட்டது. “ஐந்து, ஐந்து”; பட்டது, கப்பல் மூழ்கியது. இருவரும் தத்தம் முறையில் ஒழுங்காக நடந்துகொண்டதால் ஆட்டம் தடையின்றி முடிந்துவிடுகிறது. சுடுபவரின் தாளில் மட்டும் அந்தக் கப்பல் ஐந்தாம் நிரையில் கிடையாகப் படுத்திருக்கும்.

ஆகவே தாள்களை ஒப்பிடும் கட்டம் (13 நிமிடம்) ஒருபோதும் விடுபடக் கூடாது. நேரம் குறைந்தால் ஆட்டத்தைச் சுருக்கவும், ஒப்பிடுதலைச் சுருக்க வேண்டாம். நடுவிலுள்ள புத்தகத்தை எடுத்துவிட்டு, மறைத்த தாளையும் சுட்ட தாளையும் அருகருகே வைக்கச் சொல்லவும். “நான் நெடுக்காகத்தானே வைத்தேன்!” என்ற குரல் ஏதாவது ஒரு மேசையிலிருந்து வரும். அந்தச் சோடியின் இரு தாள்களையும் கரும்பலகையில் பெரிதாக வரைந்து, மூன்று கேள்விகளைக் கேட்கவும்.

“இருவரில் யார் தவறு செய்தார்?” ஒருவரும் இல்லை என்ற விடைக்கு வகுப்பு வந்து சேரும் வரை பொறுத்திருக்கவும். “இரு தாள்களிலும் ஒரே இடத்தில் விழுந்த குறி எது?” ஐந்து, ஐந்து. “அது மட்டும் ஏன் பொருந்தியது?” இரண்டு எண்களும் சமமாக இருந்தால் வரிசை மாறினாலும் இடம் மாறாது என்பதை மாணவர்களே சொல்ல வேண்டும். அத்தகைய கட்டங்கள் அனைத்தையும் நிழலிடச் செய்தால் கீழ் இடமூலையிலிருந்து மேல் வலமூலை வரை ஒரு சாய்கோடு கிடைக்கும். ஒரு தாளின் கப்பல் அச்சாய்கோட்டில் பிரதிபலித்த வடிவமே மற்றத் தாளில் உள்ளது. எந்தச் சோடியிலும் குழப்பம் நேராவிட்டால், மேலே கண்ட எடுத்துக்காட்டையே கரும்பலகையில் ஆடிக்காட்டலாம்.

இதன் பின்னரே உடன்பாட்டை எழுதவும்: முதல் எண் வலப்பக்கமாக எவ்வளவு என்பதைக் கூறும், இரண்டாம் எண் மேலே எவ்வளவு என்பதைக் கூறும். மேலே செல்வதை முதலில் சொல்வதாகவும் உடன்பட்டிருக்கலாம், ஆனால் உலகெங்கும் கணிதம் எழுதுவோர் இம்முறையையே பின்பற்றுகின்றனர் என்று சொல்லிவிடவும். மாணவர்கள் அதைத் தருக்கம் தந்த முடிவாக அல்லாமல் வழக்கமாக ஏற்பதே நேர்மையானது.

விரைவாக முடித்தவர்களுக்கு ஒரு புதிர்: எட்டுக்கு எட்டுக் கடலில் மறைந்துள்ள நான்கு கட்டக் கப்பலை எங்கிருந்தாலும் ஒருமுறையேனும் தாக்கிவிடக் குறைந்தது எத்தனை சூடுகள் வேண்டும்? விடை 16. இரு எண்களின் கூட்டல் 4-ஆல் வகுபடும் கட்டங்களை மட்டும் சுட்டால் நான்கு கட்டக் கப்பல் எதுவும் தப்ப முடியாது. அதற்குக் குறைவான சூடுகள் ஏன் போதா என்பதையும் கேட்கலாம்: ஒவ்வொரு நிரையிலும் ஒன்றன்மேல் ஒன்று படாமல் இரண்டு கப்பல்கள் நிற்கலாம், எட்டு நிரைகளில் அத்தகைய பதினாறு இடங்கள் உள்ளன, ஒவ்வோர் இடத்துக்கும் தனியே ஒரு சூடு தேவை.

இரண்டாம் பாடவேளை

மூன்றாம் ஆட்டம் (10 நிமிடம்). மூன்றாம் தாளைக் கொடுத்து இவ்வாறு கூறவும்: “இன்று கப்பல் கட்டத்துக்குள் இல்லை. கோடுகள் வெட்டும் மூன்று புள்ளிகளின் மீது நிற்கிறது. கோடுகளுக்கு எண்ணிடுங்கள்.” பலர் முதல் கோட்டுக்கு 1 என்றே எழுதுவார்கள். இன்னும் சிலர் பழைய தாளின் நினைவில், எண்களைக் கோடுகளுக்கு நேராக அல்லாமல் இடைவெளிக்கு நேராக எழுதுவார்கள். இவ்விரண்டாவது பழக்கம் திருத்தப்படாவிட்டால் பின்னர் (3, 2) என்ற புள்ளி ஒரு கட்டத்தின் நடுவில் போய் உட்காரும். ஆயத்தொலைவுப் பாடத்தில் மிக நீண்ட காலம் ஒட்டிக்கொண்டிருக்கும் பிழை இதுவே என்பது என் கருத்து. கட்ட விளையாட்டோடு பாடத்தை நிறுத்திவிட்டால் அதை நாமே வளர்த்தவர்களாவோம்.

ஒரு மாணவரை அழைத்துக் கரும்பலகைச் சதுரத்தின் கீழ் இடமூலையில் விரலை வைக்கச் சொல்லவும். “இங்கிருந்து வலப்பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறாய்?” நகரவே இல்லை. “அப்படியானால் இந்தக் கோட்டுக்கு எந்த எண்?” பூச்சியம். கட்டங்களை எண்ணும்போது ஒன்றிலிருந்து தொடங்குகிறோம். தொலைவை அளக்கும்போது பூச்சியத்திலிருந்து தொடங்குகிறோம். கோடுகள் 0 முதல் 8 வரை என்றானதும் புள்ளிகள் 64 அல்ல, 81 என்பதையும் கணக்கிடச் செய்யவும். பின்பு ஒரு குறுகிய ஆட்டம்.

முறையான குறித்தல் (20 நிமிடம்). இப்போது பெயர்களைக் கொடுக்கலாம். பூச்சியக் கோடுகள் இரண்டும் அச்சுகள். கிடையானது x அச்சு, செங்குத்தானது y அச்சு. அவை வெட்டுமிடம் ஆதிப்புள்ளி, (0, 0). அடைப்புக்குறிக்குள் எழுதப்படும் இரண்டு எண்கள் வரிசைச் சோடி. எண்களால் புள்ளியையும் சமன்பாட்டால் கோட்டையும் குறிக்கும் வழியை டெக்கார்ட் 1637-இல் வெளியிட்ட வடிவியல் நூலும், அதே காலத்தில் ஃபெர்மா செய்த பணியும் திறந்துவிட்டன என்ற ஒரு வாக்கியம் போதும். கூரையில் ஊர்ந்த ஈயைக் கண்டு டெக்கார்ட் இதைக் கண்டுபிடித்தார் என்ற கதைக்கு ஆதாரமில்லை; சொல்லாமல் விடலாம்.

ஆசிரியர் (4, 2) என்ற புள்ளியைக் குறித்துக் காட்டுகையில், கை ஆதிப்புள்ளியிலிருந்தே புறப்பட வேண்டும்: x அச்சின் வழியே நான்கு, அங்கிருந்து நேர்மேலே இரண்டு, பிறகே புள்ளி. மாணவர்கள் வரைபடத்தாளில் (2, 1), (7, 1), (7, 5) ஆகியவற்றைக் குறித்து, செவ்வகத்தின் நான்காவது முனையைக் கண்டுபிடிக்கட்டும். விடை (2, 5). பக்கங்களை எண்ணாமல், 7-இலிருந்து 2-ஐயும் 5-இலிருந்து 1-ஐயும் கழித்து நீளம் 5, அகலம் 4 என்று பெறச் செய்யவும். அடுத்து, (2, 6), (3, 6), (4, 6) என்ற கப்பல் கிடையா நெடுக்கா என்று வரையாமலே சொல்லச் சொல்லவும். y மாறாதிருப்பதால் கிடை என்று ஒருவர் விளக்கியதும், அதே கோட்டில் நிற்கும் இன்னொரு புள்ளியைக் கேட்டு மேலே செல்லவும்.

வெளியேறும் முன் (10 நிமிடம்) நான்கு வினாக்கள், தனித்தனியே எழுதுவதற்கு:

1. (0, 4), (4, 0) ஆகியவற்றைக் குறித்து, எது எந்த அச்சின் மீது உள்ளது என எழுதுக.
2. (6, 2) என்பதற்குப் பதிலாக ஒருவர் (2, 6)-ஐக் குறித்தார். அவர் செய்த பிழையை ஒரு வாக்கியத்தில் விளக்குக.
3. வரிசையை மாற்றினாலும் இடம் மாறாத புள்ளிகள் மூன்று தருக.
4. ஒரு கப்பலின் இரு முனைகள் (5, 2), (5, 5). அது நிற்கும் மற்றப் புள்ளிகள் எவை?

முதல் வினாவில் (0, 4) y அச்சின் மீதும் (4, 0) x அச்சின் மீதும் இருக்கும். இதில் தவறியவர்கள், பூச்சியம் என்பதை ‘ஒன்றுமில்லை’ என்று தள்ளிவிட்டு மற்ற எண்ணை மட்டும் படித்திருப்பார்கள். அவர்களுக்கு ‘வலமாக நகராதே, மேலே நான்கு’ என்று வாய்விட்டுச் சொல்லும் பயிற்சி தேவை. நான்காவதன் விடை (5, 3), (5, 4).

வீட்டுப்பாடம்: (1, 2), (2, 1), (6, 1), (7, 2), (1, 2) ஆகியவற்றை வரிசையாக இணைத்துக் கப்பலின் உடலையும், (4, 2), (4, 6) ஆகியவற்றை இணைத்துப் பாய்மரத்தையும், (4, 6), (6, 3), (4, 3) ஆகியவற்றை இணைத்துப் பாயையும் வரைக. பின்பு ஒவ்வொரு வரிசைச் சோடியிலும் எண்களை இடம் மாற்றி, வேறொரு வண்ணத்தில் அதே தாளில் மீண்டும் வரைக. இரண்டு படங்களும் எங்கெங்கே வெட்டிக்கொள்கின்றன, அவற்றுள் எந்தப் புள்ளிகளில் இரு ஆயத்தொலைவுகளும் சமம் என எழுதி வருக. அடுத்த பாடவேளையில் ஆதிப்புள்ளியைக் கடலின் நடுவுக்கு நகர்த்தி, குறை எண்களோடு நான்கு கால்பகுதிகளையும் அறிமுகம் செய்யும்போது, இதே தாளில் அச்சுகளை நீட்டித்துக்கொள்ளலாம். ஆகவே படத்தைத் தாளின் மேல் வலப்பகுதியில் வரையச் சொல்லி அனுப்பவும்.