ஐந்தாம் வகுப்பு ஆங்கிலப் பயிற்சித்தாள்: விடைகள்

ஒவ்வொரு வாக்கியத்திலும் கோடிட்ட இடத்தில் வினைச்சொல்லின் சரியான இறந்தகால வடிவத்தை எழுத வேண்டும்.

1. 'பை' என்பதற்கு 'பாட்'. 'எஸ்டர்டே' இருக்கிறது, பேனா வாங்கியாச்சு, வேலை முடிந்தது. 'பைய்டு' என்று எழுதினால் மதிப்பெண் இல்லை.

2. 'வாஸ் குக்கிங்', 'வென்ட்'. அம்மா சமைத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. நீண்டு நடந்ததற்குத் தொடர் இறந்தகாலம், நடுவில் சட்டென்று புகுந்ததற்குச் சாதாரண இறந்தகாலம். பாதிப் பேர் இரண்டையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள், அதனால் 'கொண்டிருந்தாள்' என்று தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், உடனே பிடிபடும்.

3. நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தோம் என்பதற்கு 'வேர் பிளேயிங்'. 'வீ' வந்தால் 'வாஸ்' வராது. 'வாஸ் பிளேயிங்' என்றால் பாதி மதிப்பெண் தரலாம்.

4. 'நியூ'. விடை தெரிந்திருந்தது என்பது செயல் இல்லை, நிலை. அதனால் 'வாஸ் நோயிங்' தப்பு, தமிழிலும் 'தெரிந்துகொண்டிருந்தது' என்று சொல்வோமா?

5. போகவில்லை என்பதற்கு 'டிடின்ட் கோ'. 'டிட்' ஏற்கெனவே இறந்தகாலம், அப்புறம் 'வென்ட்' எதற்கு?