ஆஸ்துமா, சி.ஓ.பி.டி: பயிற்சி வினாக்கள் விடையுடன்

வினா 1. வயது 24. கையில் இருப்பது சால்பியூட்டமால் மட்டும். வாரத்தில் மூன்று நாள் அடிக்கிறார். மாதம் ஒருமுறை இரவில் இருமல் எழுப்புகிறது. அடுத்து என்ன?
அ) சால்பியூட்டமாலை நேரப்படி நாலு வேளை
ஆ) சால்மெட்டரால் மட்டும் சேர்ப்பது
இ) குறைந்த அளவு பியூடெசோனைடு-ஃபார்மோடெரால், தேவைப்படும்போது
ஈ) தியோஃபிலின் மாத்திரை

விடை: இ. சால்பியூட்டமால் பீட்டா-2 ஏற்பியைத் தூண்டி, சி.ஏ.எம்.பி-யைக் கூட்டி, இறுகிய தசையைத் தளர்த்துகிறது. சில நிமிடங்களில் நிம்மதி. ஆனால் மூச்சுக்குழாயின் அழற்சி அப்படியே இருக்கும். அதனால்தான் ஜினா வழிகாட்டுதல் 2019 முதல் ஆஸ்துமாவுக்கு இதை மட்டும் கொடுப்பதைக் கைவிட்டது. 'ஆ'வில் விழுபவர்கள் அதிகம். ஆஸ்துமாவில் ஸ்டீராய்டு இல்லாமல் நீண்டநேர பீட்டா மருந்தைத் தனியாகக் கொடுக்கவே கூடாது. ஃபார்மோடெரால் வேகமாகவும் வேலை செய்யும், 12 மணி நேரமும் நிற்கும். சால்மெட்டரால் தொடங்கவே தாமதமாகும் என்பதால் அவசரத்துக்கு உதவாது.

வினா 2. வயது 38. பியூடெசோனைடு-ஃபார்மோடெரால் பவுடர் இன்ஹேலர், காலை மாலை ஒவ்வொரு இழுப்பு. ஆனாலும் வாரம் இருமுறை நள்ளிரவில் விழிப்பு. அளவைக் கூட்டலாமா?

விடை: பொறுங்கள். முதலில் உங்கள் கண்முன்னே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். இவர் கருவியை வாயில் வைத்தபடியே மூச்சை அதற்குள் ஊதுகிறார், பவுடர் ஈரமாகிறது. பிறகு மெதுவாக உறிஞ்சுகிறார். பவுடர் கருவிக்கு வேகமான, ஆழமான இழுப்பு வேண்டும். மெதுவாக இழுப்பது ஸ்ப்ரே வகைக்கு. உள்ளே போகாத மருந்தை இரட்டிப்பாக்கி என்ன பயன்? தவறாமல் எடுக்கிறாரா, புகை, தூசி, மூக்கடைப்பு உண்டா, வேறு நோய்க்குப் பீட்டா தடுப்பான் சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் அடங்காவிட்டால்தான் காலை மாலை இரண்டிரண்டு இழுப்பு. இடையில் மூச்சு முட்டினாலும் அதே இன்ஹேலர். இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படியும். (தேர்வில் இந்த ஒரு வரிக்கும் மதிப்பெண் உண்டு.)

வினா 3. வயது 66, சிகரெட்டை நிறுத்தியவர். மூச்சுக்குழாய் விரிப்பானுக்குப் பின் FEV1/FVC 0.58. டையோட்ரோப்பியம் மட்டும் எடுக்கிறார். ஓராண்டில் இருமுறை நோய் முற்றி ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்பட்டது. ஆஸ்துமா இருந்ததில்லை. இயோசினோஃபில் 80. இழுக்கும் ஸ்டீராய்டு சேர்க்கலாமா?

விடை: வேண்டாம், நீண்டநேர பீட்டா மருந்தைச் சேருங்கள். ஆஸ்துமாவில் அடித்தளம் ஸ்டீராய்டு, சி.ஓ.பி.டி-யில் விரிப்பான்கள், மேல்படி ஏறும் வரிசையே தலைகீழ். டையோட்ரோப்பியம் எம்-3 ஏற்பியை மறித்து 24 மணி நேரம் குழாயைத் திறந்து வைக்கிறது. பீட்டா மருந்து இன்னொரு பாதையில் அதே வேலையைச் செய்வதால் இரண்டும் சேர்ந்தால் பலன் கூடுகிறது. இயோசினோஃபில் 100-க்குக் கீழ் என்றால் ஸ்டீராய்டால் பலன் சொற்பம், நிமோனியா ஆபத்தோ மிச்சம். இதே ஆளுக்கு எண்ணிக்கை 340 என்று வந்திருந்தால் மூன்று மருந்தும் சேர்ந்த இன்ஹேலர்தான் விடை.