மின்பராமரிப்புத் தொழில்நுட்பர் பணி: நவம்பர் 18, 19 நேர்காணல்கள் ரத்து, மாற்று ஏற்பாடுகள்

அனுப்பிய நேரம்: 18.11.2025, செவ்வாய், காலை 7.30

அன்புள்ள விண்ணப்பதாரருக்கு,

வணக்கம். இன்றும் நாளையும் நடக்கவிருந்த எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, நேர்காணல் மூன்றையும் ரத்து செய்துவிட்டோம். தயவுசெய்து கிளம்ப வேண்டாம். ஏற்கெனவே கிளம்பிவிட்டீர்கள் என்றால், மேற்கொண்டு படிக்காமல், அழைப்புக் கடிதத்தின் வலது மேல் மூலையில் உள்ள எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். இன்று இரவு 10 மணி வரை அந்த எண்ணில் ஆள் இருப்பார்கள்.

நேற்று இரவு 9.40 மணியளவில் அலுவலகக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில், மின்பேனல் அறையில் தீப்பிடித்தது. ஒரு மணி நேரத்துக்குள் அணைத்துவிட்டார்கள். புகையில் மூச்சுத் திணறிய காவலர் ஒருவர் மருத்துவமனையில் இருக்கிறார். நலமாக இருக்கிறார், இன்று வீடு திரும்பிவிடுவார் என்று சொல்லியிருக்கிறார்கள். வேறு யாருக்கும் பாதிப்பு இல்லை.

எரிந்தது ஒரே ஓர் அறைதானே, கீழ்த்தளத்தில் நடத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். இந்தத் துறைக்காரர்களான உங்களுக்கு விளக்கமாகவே சொல்கிறோம். பேனலில் எரியாமல் தப்பிய பகுதிகளிலும் பஸ்பார் மீது கரி படிந்திருக்கிறது. அதன்மேல் தண்ணீரும் பட்டிருக்கிறது. துடைத்து, உலர்த்தி, இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் அளந்து பார்க்காமல் மின்சாரம் கொடுக்க முடியாது. தீ எச்சரிக்கைக் கருவிக்கும் அதே பேனலிலிருந்துதான் லைன் போகிறது. அவசர விளக்குகளின் பேட்டரி இரவே தீர்ந்துவிட்டது. அலாரம் அடிக்காத, படிக்கட்டில் வெளிச்சம் இல்லாத கட்டடத்துக்குள் உங்களை அழைத்து உட்கார வைப்பது சரியில்லை. ஜெனரேட்டரை வைத்து ஒப்பேற்றலாமா என்றும் பேசினோம். வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டோம்.

முதலில் மன்னிப்பு. சிலர் முந்தைய நாளே ஊரைவிட்டுக் கிளம்பியிருப்பீர்கள், சிலர் சம்பளம் இல்லாத விடுப்பு எடுத்திருப்பீர்கள், பல நாள் உட்கார்ந்து படித்திருப்பீர்கள். அந்தச் சிரமத்துக்கு நாங்கள்தான் பொறுப்பு, மனப்பூர்வமாக வருந்துகிறோம்.

தீ விபத்து எங்கள் கையில் இல்லை. அதற்குப் பிறகு நடந்த ஒரு குழப்பம் எங்கள் தவறு. காலை 5.50 மணிக்கு உங்களுக்கு ரத்துக் குறுஞ்செய்தி அனுப்பினோம். 6 மணிக்கு, 'உங்கள் நேர்காணல் தேதியை மறவாதீர்கள், 15 நிமிடம் முன்னதாக வரவும்' என்று இன்னொரு செய்தி வந்திருக்கும். அது முந்தைய நாளே நேரம் குறித்து வைத்த தானியங்கி நினைவூட்டல். ரத்துச் செய்தியை அனுப்பிய அவசரத்தில் அதை நிறுத்த மறந்துவிட்டோம். எது சரி என்று தெரியாமல் பலர் திண்டாடியிருக்கிறீர்கள். 6 மணிச் செய்தியைப் பொருட்படுத்த வேண்டாம். மீதமிருந்த நினைவூட்டல்கள் எல்லாவற்றையும் இப்போது நீக்கிவிட்டோம்.

இன்று வரவேண்டிய 16 பேரையும் தொலைபேசியில் அழைத்தோம். 13 பேர் கிடைத்தார்கள். மூவர் பயணத்தில் இருக்கிறார்கள் போலும், இணைப்பு கிடைக்கவில்லை. அவர்களுக்காகப் பிரதான வாயிலில் காலை 8 முதல் மதியம் 1 வரை எங்கள் பிரிவைச் சேர்ந்த இருவர் நிற்பார்கள். உட்கார இடம், சாப்பாடு, திரும்பும் பயணச்சீட்டு எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இரவு தங்கித்தான் போகவேண்டும் என்றாலும் அவர்களிடமே சொல்லுங்கள், அறை எடுத்துத் தருவோம்.

இனி புதிய ஏற்பாடுகள். மூன்று வழிகள் வைத்திருக்கிறோம்.

அ. நேரில், நவம்பர் 24, 25, 26 (திங்கள், செவ்வாய், புதன்). காலைப் பிரிவு 9 மணி, மதியப் பிரிவு 1.30 மணி. எழுத்துத் தேர்வு 45 நிமிடம், செய்முறை 60 நிமிடம், நேர்காணல் 30 நிமிடம். இடைவேளை, காத்திருப்பு எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஆ. நேர்காணல் மட்டும் காணொளியில், நவம்பர் 21 அல்லது 22 (வெள்ளி, சனி). எழுத்துத் தேர்வும் செய்முறையும் நேரில், நவம்பர் 29 சனிக்கிழமை காலை.

இ. மூன்றும் ஒரே நாளில், நவம்பர் 29 சனிக்கிழமை, காலை 8.30 முதல். வார நாளில் இன்னொரு விடுப்பு எடுக்க முடியாதவர்களுக்காக வைத்தது. எட்டு இடங்கள்தான் இருக்கின்றன. இந்த வாரம் விடுப்பை ஏற்கெனவே இழந்தவர்களுக்கும் தொலைவிலிருந்து வருபவர்களுக்கும் முன்னுரிமை தருவோம். முதலில் பதில் போட்டவருக்கு என்று கொடுத்தால் இப்போது வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு இடம் கிடைக்காது.

செய்முறையையும் காணொளியில் வைத்துவிடலாமே என்று நேற்றிரவே ஒரு யோசனை வந்தது. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் வயரிங் செய்வதையும், பழுதை மல்டிமீட்டரால் தேடிக் கண்டுபிடிப்பதையும் கேமரா வழியாக மதிப்பிட முடியாது. அளப்பதற்கு முன் சப்ளையைத் துண்டித்தீர்களா, மீட்டரில் சரியான ரேஞ்ச் வைத்தீர்களா என்பதற்கெல்லாம் மதிப்பெண் உண்டு. அதனால் நேரில் ஒரு முறை வரத்தான் வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் உங்களை மதிப்பிடப்போவது அதே மூன்று தேர்வாளர்கள், அதே மதிப்பெண் பட்டியல். காணொளியில் வந்தவருக்குக் குறைவு, நேரில் வந்தவருக்குக் கூடுதல் என்பது கிடையாது. பாடத்திட்டம் மாறவில்லை, வினாத்தாளும் ஸ்டார்ட்டரில் வைக்கும் பழுதும் மட்டும் புதியவை.

இடம் மாறுகிறது. பிரதான வாயில் வழியாக வராதீர்கள். அதே வளாகத்தின் மூன்றாம் வாயிலில் நுழைந்தால் இடப்புறம் இரண்டாவது கட்டடம், பயிற்சிக் கூடம். அதற்குத் தனி மின்னிணைப்பு. தீ எச்சரிக்கைக் கருவியை இன்று மதியம் சோதித்துப் பார்க்கப்போகிறோம். எல்லாம் தரைத்தளத்திலேயே இருப்பதால் படி ஏறவேண்டியதில்லை. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இருக்கிறது. தேர்வெழுத உதவியாளரோ கூடுதல் நேரமோ கேட்டிருந்தவர்களுக்கு அந்த ஏற்பாடு அப்படியே தொடரும். மறுபடி விண்ணப்பிக்க வேண்டாம்.

கொண்டுவர வேண்டியவை பழையபடிதான்: புகைப்பட அடையாள அட்டை, அசல் சான்றிதழ்கள், ஒரு செட் நகல், மூடிய காலணி. மல்டிமீட்டரும் கைக்கருவிகளும் நாங்கள் தருவோம். பழைய அழைப்புக் கடிதத்தையே வாயிலில் காட்டலாம்; தேதி மாறியது காவலர்களுக்குத் தெரியும்.

பதில் அனுப்பும் முறை எளிது. இந்த மின்னஞ்சலுக்கே 'பதில்' கொடுத்து, முதல் வரியில் விண்ணப்ப எண், வழியின் எழுத்து, தேதி, காலை அல்லது மதியம் என்று எழுதுங்கள். இரண்டாவது விருப்பம் ஒன்றையும் சேர்த்துவிட்டால் மறுபடி கேட்டு எழுதவேண்டி வராது. நவம்பர் 19, புதன், மாலை 6 மணி கடைசி நேரம். அதற்குள் பதில் வராவிட்டால் உங்களை நீக்கிவிட மாட்டோம். இரண்டு முறை அழைத்துப் பார்ப்போம். அப்போதும் கிடைக்காவிட்டால் 26ஆம் தேதி மதியப் பிரிவில் உங்கள் பெயரைச் சேர்த்துவிடுவோம்.

காணொளியைத் தேர்ந்தவர்களுக்கு 20ஆம் தேதி மாலை 4 முதல் 6 வரை ஒத்திகை இணைப்பு திறந்திருக்கும். ஐந்து நிமிடம் நுழைந்து ஒலியும் படமும் வருகிறதா என்று பாருங்கள். கைபேசியே போதும், கையில் பிடிக்காமல் எதிலாவது சாய்த்து வையுங்கள், சார்ஜரில் மாட்டி வையுங்கள், ஜன்னல் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் இருட்டாகத் தெரியும். நடுவில் இணைப்பு அறுந்தால் பதற்றம் வேண்டாம். 10 நிமிடம் காத்திருப்போம், பிறகு தொலைபேசியில் கூப்பிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். அதற்காக மதிப்பெண் குறையாது.

செலவு. வீணான பயணம், புதிய பயணம், இரண்டின் கட்டணத்தையும் முழுமையாகத் தருகிறோம். பயணச்சீட்டையோ, ரத்து செய்தபோது எவ்வளவு பிடித்தார்கள் என்று காட்டும் ரசீதையோ புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டியில் வந்தவர்கள் புறப்பட்ட இடத்தையும் கிலோமீட்டரையும் எழுதினால் போதும். சீட்டு தொலைந்துவிட்டது என்றாலும் எழுதுங்கள். வங்கிக் கணக்கு எண்ணை மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். அதற்கான படிவத்தை நேரில் வரும் நாளில் கையில் தருவோம். இனி வர விருப்பமில்லை என்று முடிவெடுத்தவர்களுக்கும் பணம் உண்டு. விண்ணப்பத்தில் உள்ள முகவரிக்குப் படிவம் தபாலில் வரும்.

இத்தோடு ஓர் எச்சரிக்கை. இப்படித் தேதி மாறும் சமயம் பார்த்து, 'புதிய தேதி வேண்டுமென்றால் கட்டணம் செலுத்துங்கள்' என்று யாராவது கூப்பிடலாம். நாங்கள் எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை, ஓடிபி கேட்பதில்லை. காணொளி இணைப்பும் இதே மின்னஞ்சல் முகவரியிலிருந்துதான் வரும். சந்தேகம் வந்தால் அந்த அழைப்பைத் துண்டித்துவிட்டு, அழைப்புக் கடிதத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

விடுப்புக்குச் சான்று தேவைப்படுபவர்களுக்குக் கடிதம் தருகிறோம். இப்போது வேலை செய்யும் இடத்தில் தெரியக்கூடாது என்றால் சொல்லுங்கள். 'நேர்காணல்' என்ற சொல்லே இல்லாமல், எங்கள் வளாகத்துக்கு வந்தீர்கள் என்று மட்டும் எழுதித் தருவோம். நீங்கள் கொடுத்த எண்ணைத் தவிர வேறு எந்த எண்ணுக்கும் நாங்கள் கூப்பிட மாட்டோம்.

நேற்று, 17ஆம் தேதி, தேர்வை முடித்த 14 பேருக்கு: உங்கள் நேர்காணல், செய்முறை மதிப்பெண்கள் பத்திரமாக இருக்கின்றன. அசல் சான்றிதழ்களை நேற்றே உங்கள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். விடைத்தாள்கள் இருந்த பெட்டி இரண்டாம் தளத்தில் நனைந்துவிட்டது. தீயணைப்பு வீரர்கள் விடியற்காலையில் எடுத்துக் கொடுத்தார்கள். பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய 11 தாள்களும் படிக்கும்படி இருக்கின்றன. ஜெல் பேனாவில் எழுதிய மூன்று தாள்களில் மை கலைந்து வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. ஊகித்து மதிப்பெண் போட எங்களுக்கு மனமில்லை. அந்த மூவரும் எழுத்துத் தேர்வை மட்டும் மறுபடி எழுதவேண்டும். இன்று காலை 10 மணிக்குள் தனித்தனியாக அழைத்துப் பேசுகிறோம். அழைப்பு வராத 11 பேர் எதுவும் செய்யவேண்டியதில்லை.

முடிவுகளை நவம்பர் 28 அன்று சொல்வதாக இருந்தோம். அது டிசம்பர் 5, வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போகிறது. பணியில் சேரும் நாள் ஜனவரி 5, 2026, அதில் மாற்றமில்லை. தேர்வானவர்களுக்கு ராஜினாமா கொடுக்கும் கால அவகாசம் ஒரு வாரம் குறைவதால், தேவைப்படுபவர்களுக்குச் சேரும் நாளைத் தள்ளித் தருவோம். பணி நியமனக் கடிதம் கையில் வரும்வரை இப்போதைய வேலையை விட்டுவிடாதீர்கள்.

இங்கே சொல்லாத சிக்கல் ஏதாவது இருந்தால், அந்தத் தேதிகளில் வீட்டில் விசேஷம், வேறு தேர்வு, உடல்நலக் குறைவு என்று எதுவாக இருந்தாலும், எழுதுங்கள். மூன்று வழிகளுக்கும் வெளியே ஒரு நாள் ஒதுக்க முடியுமா என்று பார்த்துச் சொல்கிறோம்.

மீண்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பொறுப்பாளர்,
ஆட்சேர்ப்புப் பிரிவு